அறுபது டிகிரி, ஒரு வினாடி

மேசைமேல் படுக்கைவாட்டில் சுழலும் ஓர் இயந்திரக் கை. நீளம் 30 செ.மீ., எடை ஏறத்தாழ 670 கிராம். ஒரு முனையில் கியரோடு கூடிய டிசி மோட்டார். மறுமுனை ஒரு தட்டிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, 60 டிகிரி தள்ளி வைத்திருக்கும் பெட்டிக்குள் போட வேண்டும். வேலை கொடுத்தவர் இரண்டே நிபந்தனைகள் வைக்கிறார். 60 டிகிரிக்குப் போ என்று சொன்னால் கை 63ஐத் தாண்டிவிடக் கூடாது. தாண்டினால் பெட்டியின் விளிம்பில் இடிக்கும். கட்டளை வந்த ஒரு வினாடிக்குள் 60க்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ 1.2 டிகிரிக்குள் வந்துவிட வேண்டும். வந்தபின் அந்த எல்லையை விட்டு வெளியே போகவும் கூடாது.

பொறியியல் வகுப்பில் முதல் நிபந்தனைக்கு ஓவர்ஷூட் என்று பெயர். இங்கே அது 5 சதவீதம். இரண்டாவது செட்லிங் டைம். இரண்டு சதவீத எல்லைக்குள் அடங்க ஒரு வினாடி. இந்த இரண்டையும் நிறைவேற்ற நம் கையில் இருப்பவையும் இரண்டே எண்கள். அவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்தபின் காகிதத்தில் சரியாக வந்த கணக்கு மேசையில் ஏன் சறுக்குகிறது என்பதைத்தான் பார்க்கப்போகிறோம்.

முதலில் கையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். மோட்டார் தருவது முறுக்குவிசை. அது கையின் வேகத்தை மாற்றுகிறது. வேகம் கையின் இடத்தை மாற்றுகிறது. இப்படி இரண்டு படிகளில் விளைவு வருவதால்தான் இதை இரண்டாம் வரிசை அமைப்பு என்கிறார்கள். இந்தக் கணம் கை எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகமாகப் போகிறது என்ற இரண்டும் தெரிந்தால், இனி நடக்கப்போவதைக் கணித்துவிடலாம்.

அந்தக் கணிப்புக்கு வேண்டியவை கையின் இரண்டு குணங்கள். ஒன்று, சுழல மறுக்கும் மந்தம். இதை J என்போம். மற்றொன்று, வேகம் கூடக்கூடத் தானும் கூடும் உராய்வு, இது b. இவற்றைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. மோட்டாருக்கு 0.1 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை மாறாமல் கொடுத்துக் கையைச் சுழலவிட்டால், வேகம் ஏறி ஏறி ஓரிடத்தில் நிலைக்கும். நம் கையில் அது வினாடிக்கு 1.75 ரேடியன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ரேடியன் 57.3 டிகிரி. பிறகு 0.2 கொடுத்தால் வேகம் 4.25இல் நிற்கிறது. முறுக்குவிசை 0.1 கூடியதற்கு வேகம் 2.5 கூடியிருக்கிறது, ஆக b என்பது 0.1ஐ 2.5ஆல் வகுத்தால் வரும் 0.04. ஒரே அளவீட்டை வைத்து வகுக்காமல் இரண்டின் வித்தியாசத்தை எடுத்ததற்குக் காரணம் உண்டு. 0.04 மடங்கு 1.75 என்பது 0.07தான், கொடுத்ததோ 0.1. மீதி 0.03 எங்கே போனது? வேகம் என்னவானாலும் மாறாமல் பிடித்து இழுக்கும் வறட்டு உராய்வு அதைத் தின்றுவிட்டது. இந்த 0.03ஐ இப்போதைக்கு ஓரமாக வைப்போம். பின்னால் அது வட்டியோடு திரும்பி வரும்.

J கிடைக்க, வேகம் ஏறும் கோட்டைப் பார்க்க வேண்டும். இறுதி வேகத்தில் 63 சதவீதத்தை எட்ட அரை வினாடி ஆகிறது. அந்த அரை வினாடி என்பது J/b. ஆகவே J = 0.02. நீளத்தையும் எடையையும் வைத்துச் சீரான கம்பிக்குப் போடும் கணக்கும் இதே விடையைத் தருவதால் அளவீட்டை நம்பலாம்.

இப்போது கையின் சமன்பாடு இது. θ என்பது கோணம், u என்பது மோட்டாரின் முறுக்குவிசை.

```
0.02 θ'' + 0.04 θ' = u
```

இதைக் கட்டுப்படுத்த யாருக்கும் முதலில் தோன்றுவது, இன்னும் போக வேண்டிய தூரத்துக்கு ஏற்ப முறுக்குவிசை கொடுப்பதுதான். தூரம் அதிகமென்றால் பலமாகத் தள்ளு, குறைவென்றால் மெல்லத் தள்ளு. போக வேண்டிய கோணத்திலிருந்து இப்போதைய கோணத்தைக் கழித்தால் வருவது பிழை. அதை Kp என்ற எண்ணால் பெருக்கினால் முறுக்குவிசை. Kpயை 0.5 என்று வைத்துப் பார்த்தால் கை 60 டிகிரியில் நிற்காமல் 91 டிகிரியையும் தாண்டிப் போய்த் திரும்பி, இப்படியும் அப்படியும் ஆடி, அடங்க ஏறக்குறைய நான்கு வினாடி எடுக்கிறது. சரி, தள்ளுவது அதிகமாகிவிட்டது என்று Kpயை 0.042க்குக் குறைத்தால் ஓவர்ஷூட் ஐந்து சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஆனால் அடங்கும் நேரம்? அதே நான்கு வினாடியை ஒட்டித்தான்.

இந்த அமைப்பைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. Kpயைப் பத்து மடங்குக்கு மேல் மாற்றியும் செட்லிங் டைம் ஏன் அசையவில்லை? ஆட்டத்தை அடக்க வேண்டுமானால் யாராவது அதன் ஆற்றலைத் தின்ன வேண்டும். Kp செய்வது ஸ்பிரிங்கின் வேலை; ஆற்றலை வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுக்குமே தவிரத் தின்னாது. இங்கே தின்பது b என்ற உராய்வு மட்டும்தான். அது கையோடு பிறந்தது, நாம் தொட முடியாதது. ஆகவே ஸ்பிரிங்கை இறுக்கினால் ஆட்டம் வேகமாகும், தளர்த்தினால் மெதுவாகும். அடங்கும் நேரம் மட்டும் b, J கையிலேயே இருக்கும்.

உராய்வு போதவில்லையென்றால், மோட்டாரையே உராய்வுபோல நடிக்கவைக்கலாம். கை எவ்வளவு வேகமாகப் போகிறதோ அவ்வளவு முறுக்குவிசையை எதிர்த்திசையில் கொடுத்தால் போதும். அந்த விகிதம்தான் Kd. சிவப்பு விளக்கை நெருங்கும் பைக்காரர் கோடு வந்தபின் பிரேக் பிடிப்பதில்லை. இன்னும் இருக்கும் தூரத்தோடு தன் வேகத்தையும் சேர்த்துப் பார்த்து முன்கூட்டியே பிடிக்கிறார். பிடி கன்ட்ரோலர் என்ற பெயரில் ‘பி’ தூரத்தைப் பார்க்கும் பகுதி, ‘டி’ வேகத்தைப் பார்க்கும் பகுதி. ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நிக்கோலஸ் மினோர்ஸ்கி 1922இல் கப்பல்களைத் தானாகத் திருப்புவது பற்றி எழுதிய கட்டுரைக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டது, கைதேர்ந்த சுக்கான்காரர்கள் செய்வதைத்தான். அவர்கள் கப்பல் திசை தவறியிருக்கும் அளவை மட்டும் பார்ப்பதில்லை, அது எவ்வளவு வேகமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது என்பதையும் பார்க்கிறார்கள். அவருடைய முறையை நியூ மெக்சிகோ என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் சோதித்தும் பார்த்தார்கள்.

இரண்டு பகுதிகளையும் சேர்த்தால் மோட்டாருக்குப் போகும் கட்டளை இது. r என்பது போக வேண்டிய கோணம்.

```
u = Kp (r - θ) - Kd θ'
```

இதைக் கையின் சமன்பாட்டில் போட்டு 0.02ஆல் வகுத்தால் இப்படி வரும்.

```
θ'' + (2 + 50 Kd) θ' + 50 Kp θ = 50 Kp r
```

இரண்டாம் வரிசை அமைப்பு எதுவானாலும் அதன் நடத்தையை இரண்டு எண்களில் சொல்லிவிடலாம். எவ்வளவு துள்ளலோடு இயங்குகிறது என்பது இயல்பு அதிர்வெண் ωn. அந்தத் துள்ளல் எவ்வளவு அடக்கப்படுகிறது என்பது தணிப்பு விகிதம் ζ. அவற்றை வைத்து எழுதினால் θ'க்கு முன்னால் 2ζωn நிற்கும், θக்கு முன்னால் ωn² நிற்கும். நமக்கு வாய்த்த நல்ல விஷயம், ஓவர்ஷூட் ζவை மட்டுமே பொறுத்தது. ζ அரையாக இருந்தால் 16 சதவீதம், 0.69 என்றால் சரியாக 5. ஒன்று என்றால் தாண்டலே இல்லை. சற்றே இடம் விட்டு 0.7 எடுத்துக்கொள்வோம், ஓவர்ஷூட் 4.6 சதவீதம், அதாவது கை 62.8 டிகிரி வரை போய்த் திரும்பும்.

செட்லிங் டைமுக்கு எல்லாப் பாடப்புத்தகத்திலும் ஒரு சுருக்குவழி இருக்கிறது: 4ஐ ζωnஆல் வகுத்தால் கிடைக்கும் வினாடிகள். ஒரு வினாடி வேண்டுமென்றால் ζωn நான்காக இருக்க வேண்டும். மீதி பள்ளிக்கூடக் கணக்கு. 2 + 50Kd எட்டுக்குச் சமம் என்றால் Kd 0.12. ωn என்பது 4ஐ 0.7ஆல் வகுத்த 5.71, அதன் வர்க்கம் 32.65, அதை 50ஆல் வகுத்தால் Kp 0.653. தேர்வுத்தாளில் இதை எழுதிவிட்டு அடியில் இரட்டைக்கோடு போட்டால் முழு மதிப்பெண் கிடைத்துவிடும்.

ஆனால் இந்த எண்களை வைத்துச் சமன்பாட்டைக் கணினியில் ஓட்டிப் பார்த்தால், ஒரு வினாடி முடியும் கணத்தில் கை இன்னும் 2.5 சதவீதம் தள்ளி நிற்கிறது. இரண்டு சதவீத எல்லைக்குள் அது வருவது 1.05 வினாடியில். நான்கு என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் காரணம் விளங்கும். ஆட்டத்தின் உயரம் தேய்ந்துகொண்டே போகும் வரம்புக் கோடு இரண்டு சதவீதத்தைத் தொட எவ்வளவு நேரமாகும் என்று தோராயமாகக் கேட்டால் வருவது நான்கு. ஆட்டம் உண்மையில் அந்த நேரத்தில் வரம்பின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அது பார்ப்பதில்லை. ζ 0.7 ஆக இருக்கையில் சரியான கணக்கு ωn மடங்கு நேரம் 5.98 என்று வருகிறது. 0.05 வினாடிக்கா இவ்வளவு என்று கேட்கலாம். ஆனால் நிபந்தனை ‘ஒரு வினாடிக்குள்’ என்பது. சுருக்குவழியை எல்லையிலேயே கொண்டுபோய் நிறுத்தியதுதான் தவறு. ζωnஐ 4.5க்கு உயர்த்தினால் Kd 0.14, ωn 6.43, Kp 0.827. அடங்கும் நேரம் 0.93 வினாடி. இதுவே நம் வடிவமைப்பு என்று கொள்வோம்.

இந்த எண்களை எடுத்துக்கொண்டு போய், நூலகத்திலிருக்கும் ஆயத்தப் பிடி கன்ட்ரோலர் ஒன்றில் போட்டு ஓட்டும் மாணவருக்கு அடுத்த அதிர்ச்சி காத்திருக்கிறது. ஓவர்ஷூட் 4.6க்குப் பதில் 13 சதவீதம் காட்டும். கை 67.8 டிகிரி வரை போகிறது, பெட்டியில் இடித்தாயிற்று. ζவும் அதே, ωnஉம் அதே. பிறகு எங்கே தவறு?

தவறு டியை எதன்மேல் வைத்தார்கள் என்பதில் இருக்கிறது. மேலே நாம் எழுதியதில் டி கையின் வேகத்தைப் பார்க்கிறது. ஆயத்த கன்ட்ரோலர்கள் பல, பிழை மாறும் வேகத்தைப் பார்க்கும். கட்டளை மாறாமல் இருக்கும்வரை இரண்டும் ஒன்றுதான், ஏனென்றால் பிழை குறையும் வேகமே கை போகும் வேகம். வேறுபாடு கட்டளை மாறும் ஒற்றைக் கணத்தில். பூஜ்யத்திலிருந்து 60 டிகிரிக்குக் கட்டளை தாவும்போது பிழையும் தாவுகிறது. தாவலின் வேகம் எல்லையில்லாதது. ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்கு ஒருமுறை கணக்குப் போடும் கன்ட்ரோலரில் அது 1,047 ரேடியன் என்று தெரியும், 0.14ஆல் பெருக்கினால் 147 நியூட்டன் மீட்டர். கைக்கு முதல் கணத்திலேயே ஓர் உதை விழுகிறது. அந்த உதை கொடுத்த வேகத்தோடுதான் அது இலக்கைத் தாண்டிப் போகிறது. கணிதத்தில் இதற்குப் பெயர், பிழைமேல் வைத்த டி கூடுதலாக ஒரு ஜீரோவைக் கொண்டுவந்தது என்பது. ஓவர்ஷூட்டுக்கும் ζவுக்கும் உள்ள சூத்திரம் ஜீரோ இல்லாத அமைப்புக்கு மட்டுமே எழுதப்பட்டது.

நம் மோட்டாரோ அதிகபட்சம் ஒரு நியூட்டன் மீட்டர்தான் தரும். ஆகவே மேசையில் 147இல் பெரும்பகுதி வெட்டுப்பட்டுப் போய், ஓவர்ஷூட் கணினி காட்டிய அளவுக்கு வராது. ஆனால் கியர் பற்களுக்கு ஒவ்வொரு கட்டளையிலும் ‘டக்’கென்று ஓர் அடி விழும். அந்தச் சத்தம் கேட்டால் டி பிழைமேல் இருக்கிறது என்று நிச்சயமாகச் சந்தேகிக்கலாம்.

தீர்வு, டியைப் பிழையிலிருந்து எடுத்துக் கோணத்தின்மேல் வைப்பது. அப்போது சூத்திரம் சொன்ன 4.6 சதவீதமே கிடைக்கும். இதற்கும் ஒரு விலை இருக்கிறது. ஓடிக்கொண்டே இருக்கும் இலக்கைப் பின்தொடர வேண்டிய வேலையென்றால், இப்படி வைத்த கை இலக்கைவிட 0.22 வினாடி பின்தங்கியே போகும். டியைப் பிழைமேல் வைத்தால் பின்தங்கல் 0.05 வினாடிக்குள் அடங்கும். நம் வேலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய் நிற்பதுதான் என்பதால் கோணத்தின்மேல் வைப்பதில் யோசிக்க ஒன்றுமில்லை.

அடுத்த சிக்கல், வேகத்தை எப்படி அறிவது என்பது. கையின் அச்சில் ஒரு சுற்றுக்கு 2,000 துடிப்பு தரும் என்கோடர் இருக்கிறது. ஒரு துடிப்பு என்பது 0.00314 ரேடியன். கன்ட்ரோலர் இப்போதைய கோணத்திலிருந்து சற்றுமுன் இருந்த கோணத்தைக் கழித்து, 0.001 வினாடியால் வகுத்து வேகம் என்கிறது. கை கிட்டத்தட்ட நின்றுவிட்ட பிறகும் இரண்டு துடிப்புகளின் எல்லையில் லேசாக நடுங்கினால், ஒரு கணம் வேகம் பூஜ்யம், மறுகணம் 3.14 ரேடியன், மீண்டும் பூஜ்யம் என்று தெரியும். Kdயால் பெருக்கினால் ஒற்றைத் துடிப்புக்கு 0.44 நியூட்டன் மீட்டர். மோட்டாரின் மொத்த பலத்தில் பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு. கை அசையாமல் நிற்கிறது, மோட்டார் மட்டும் ‘ர்ர்ர்’ என்று முனகுகிறது, தொட்டால் சுடுகிறது என்றால் நோய் இதுதான். வேகத்தை அப்படியே எடுக்காமல், புதிய மதிப்பில் பதினொன்றில் ஒரு பங்கும் பழைய மதிப்பில் மீதியுமாகக் கலந்து எடுத்தால் அந்த 0.44 வெறும் 0.04 ஆகிவிடும். கலவை அதிகமானால் வேகம் பற்றிய செய்தி தாமதமாகும். தாமதமான பிரேக் பிரேக்கே அல்ல. இங்கே நாம் விட்ட தாமதம் 0.01 வினாடி. கையின் ஆட்டம் இதைவிட மிக மெதுவானது என்பதால் பாதகமில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் நிரலில் ஐந்தே வரி.

```
e = ref - theta
w = w + dt/(tau + dt) * ((theta - theta_old)/dt - w)
u = Kp*e - Kd*w
u = max(-1.0, min(1.0, u))
theta_old = theta
```

இங்கே dt 0.001, tau 0.01. நான்காவது வரி மோட்டாரின் எல்லையை நினைவூட்டுகிறது. 60 டிகிரிக் கட்டளைக்குத் தொடக்க முறுக்குவிசை 0.827 மடங்கு 1.047, அதாவது 0.87. எல்லைக்குள் இருக்கிறது. அதே கைக்கு 90 டிகிரி கொடுத்தால் 1.3 கேட்கும், வெட்டுப்படும், நாம் போட்ட கணக்கு அந்த நேரத்துக்குச் செல்லாது. சோதிக்கையில் 20 டிகிரி, 40, 60 என்று மூன்றுக்கும் வரைபடம் எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக வைப்பது நல்ல பழக்கம். கோணத்தை 100 சதவீதம் என்று மாற்றி வரைந்தால் மூன்றும் ஒரே கோடாகப் பொருந்த வேண்டும். பெரிய கோணத்தில் கோடு மந்தமானால் மோட்டார் எல்லையில் முட்டுகிறது. சிறிய கோணத்தில் கோடு கலைந்தால், ஓரமாக வைத்த வறட்டு உராய்வு தலைகாட்டுகிறது.

இப்போது அதற்கு வருவோம். கை இலக்கை நெருங்க நெருங்கப் பிழை குறைகிறது, முறுக்குவிசையும் குறைகிறது. ஒரு கட்டத்தில் முறுக்குவிசை 0.03க்குக் கீழே போனால், நின்றுவிட்ட கையை அதனால் கிளப்ப முடியாது. அந்தப் பிழை 0.03ஐ 0.827ஆல் வகுத்தால் வருவது; 2.1 டிகிரி. நிபந்தனையோ 1.2. ஆக, ஓவர்ஷூட்டுக்கும் அடங்கும் நேரத்துக்கும் கச்சிதமாகப் போட்ட கணக்கில், கை 58 டிகிரியில் நின்றுவிட்டு இரண்டு சதவீத எல்லைக்குள் வராமலேயே இருந்துவிடலாம். சமன்பாட்டில் வறட்டு உராய்வே இல்லை, பிறகு அது எப்படி எச்சரிக்கும்?

பிழையைச் சேர்த்துக்கொண்டே போகும் மூன்றாவது பகுதியைப் போட்டு பிஐடி ஆக்கிவிடலாம் என்பது வழக்கமான பதில். அது கையை இலக்குக்கு இழுத்துவிடும். ஆனால் சேர்த்து வைத்தது ஓவர்ஷூட்டைக் கூட்டும். வறட்டு உராய்வோடு சேர்ந்தால், நின்று நின்று தாவும் ஒரு மெதுவான ஆட்டத்தையும் கிளப்பிவிடலாம். எனக்கு இங்கே வேறு வழிதான் பிடித்திருக்கிறது. ஸ்பிரிங்கை இன்னும் இறுக்குவது. Kpயை 1.45 ஆக்கினால் கை சிக்கி நிற்கும் பிழை 1.2 டிகிரிக்குள் மயிரிழையில் வந்துவிடும். ζ 0.7இலேயே இருக்க வேண்டுமானால் Kdயும் 0.2 அளவுக்கு ஏற வேண்டும். ஸ்பிரிங்கை மட்டும் இறுக்கிவிட்டு டியை மறந்தால் ஓவர்ஷூட் எகிறும். அடங்கும் நேரம் 0.7 வினாடிக்கு இறங்குகிறது, கேட்டதைவிட வேகம். ஆனால் தொடக்க முறுக்குவிசை 1.5 நியூட்டன் மீட்டர் என்று மோட்டாரின் எல்லையைத் தாண்டிவிடுகிறது. கிடைத்த அந்த உபரி நேரத்தைக் கொண்டே இதைச் சமாளிக்கலாம். கட்டளையை ஒரே தாவலில் கொடுக்காமல், பூஜ்யத்திலிருந்து 60 டிகிரிக்கு 0.1 வினாடியில் சரிவாக ஏற்றினால், உச்ச முறுக்குவிசை 0.9க்குள் நிற்கிறது, கையும் 0.8 வினாடிக்குள் அடங்கிவிடுகிறது.

மாத்திரை அட்டைக்கு இது போதும். ஆனால் நாளை அதே கையிடம் 220 கிராம் மருந்து பாட்டிலைக் கொடுப்பார்கள், கட்டாயம் கொடுப்பார்கள். 30 செ.மீ. தள்ளி முனையில் தொங்கும் அந்த 220 கிராம், Jயை 0.02லிருந்து 0.04 ஆக்கிவிடும். ஸ்பிரிங் அதேதான், பிரேக்கும் அதேதான், சுமை மட்டும் இரட்டிப்பு. Ζ அரைக்குச் சரிகிறது, ஓவர்ஷூட் 17 சதவீதத்தை ஒட்டுகிறது. பாட்டில் 60 டிகிரியைத் தாண்டி 70 வரை போகும்.

இரண்டு சுமைக்கும் ஒரே எண்கள் வேண்டுமென்றால் கனமானதை வைத்து டியைத் தீர்மானிக்க வேண்டும். பாட்டிலோடு ζ 0.7 வர Kd 0.3 தேவை. அதே Kdயில் மாத்திரை அட்டையோடு போனால் ζ ஒன்றை ஒட்டி வருகிறது. தாண்டல் அறவே இல்லை, அடங்கும் நேரமும் ஒரு வினாடிக்குள் தாராளமாக இருக்கிறது. என்கோடரின் ஒற்றைத் துடிப்பு இப்போது 0.94 நியூட்டன் மீட்டராகப் பெருகும், வடிகட்டியபின் 0.09. முனகல் கொஞ்சம் கேட்கத்தான் செய்யும். பாட்டிலோடு அடங்கும் நேரம் 0.99 வினாடி, அதோடு சரிவுக் கட்டளையின் தாமதம் சேர்ந்தால் 1.05ஐத் தொடுகிறது. Kpயை மேலும் ஏற்றி அதை மீட்கப் பார்த்தால் மோட்டார் எல்லையில் முட்டும். பெரிய மோட்டார் வாங்குவதைவிட, வேலை கொடுத்தவரிடம் பாட்டிலுக்கு மட்டும் ஒன்றேகால் வினாடி கேட்டு வாங்கிக்கொள்வது மலிவு.